‘ராவிலே’ என்றால் காலையா, இரவா? 1-0-1 சீட்டை அட்டவணையாக எழுதுவது

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மாமியாருக்கு 68 வயது, சர்க்கரையும் தைராய்டும் உண்டு. காலில் புண் பழுத்து, நீர் கோத்து வீங்கி, ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நவம்பர் 12, புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்தார். இரவு மருந்திலிருந்து தொடங்கச் சொன்னார்கள். நானும் கணவரும் காலையில் வேலைக்குப் போய்விடுவோம். மாமியாருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். அவரே பார்த்துச் சாப்பிடும்படி மருந்து, அளவு, நேரம், நாள் என்று அட்டவணை எழுதுவது எப்படி? சீட்டில் உள்ளது இதுதான்: தைராக்சின் 50, 1-0-0 ஏ.சி.; மெட்ஃபார்மின் 500, 1-0-1 பி.சி.; ஃப்ருசிமைட் 40, 1-1-0 x 7; அமாக்சிசிலின் கிளாவுலனேட் 625, 1-0-1 பி.சி. x 5/7; கால்சியம் 500, 0-1-0 பி.சி.; வைட்டமின் டி 60,000, 0-0-1 வாரம் 1 x 8; பாரசிட்டமால் 650 எஸ்.ஓ.எஸ். கடையில் அமாக்சிசிலின் 10, ஃப்ருசிமைட் 15 கொடுத்திருக்கிறார்கள்.

பதில்: நான் மருந்தாளுநர், டாக்டர் அல்ல. சித்தூர் தாலுகாவில் ஒரு மருந்துக்கடையின் மேசைக்குப் பின்னால் முப்பது வருடங்களாக நிற்கிறேன். கோயம்புத்தூர்ச் சீட்டும் திருச்சூர்ச் சீட்டும் பாலக்காட்டுச் சீட்டும் ஒரே நாளில் என் கைக்கு வரும். அவற்றில் இருக்கும் 1-0-1 எல்லாம் ஒரே மொழிதான்: முதல் இடம் காலை, நடு இடம் மதியம், கடைசி இடம் இரவு, அங்கே நிற்கும் எண், அந்த வேளைக்கு எத்தனை. இதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த மூன்று எண்கள் அதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எந்தெந்த நாள், எந்தத் தேதியோடு முடிகிறது ஆகிய நான்கும் சீட்டின் ஓரத்தில் தனியாக இருக்கும், அல்லது சிஸ்டரின் வாயில் இருக்கும், அல்லது எங்குமே இருக்காது. நீங்கள் எழுதப்போகும் அட்டவணை அந்த நான்கையும் நிரப்புகிற வேலை. நிரப்பத் தெரியாத இடத்தில் ஊகித்து எழுதாமல், ‘கேட்க வேண்டும்’ என்று எழுதிவிடுங்கள்.

வாய்மொழியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் தடுக்கி விழுகிற இடம் அது. மலையாளத்தில் ‘ராவிலே’ என்றால் காலையில். நம் வீட்டுப் பாட்டிகளுக்கு ‘ராவிலே’ என்றால் இராத்திரியில். சில வருடங்களுக்கு முன் வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா கடைக்கு வந்தார். கண் இரண்டும் சிவந்து, நடையில் தள்ளாட்டம். ‘தூங்கி நாலு நாள் ஆகிறது தம்பி, ராத்திரியெல்லாம் ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கிறேன்’ என்றார். உங்கள் மாமியாருக்கு எழுதியிருக்கும் அதே ஃப்ருசிமைட்தான் அவருக்கும், அதே 1-1-0. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது சிஸ்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்: ‘ராவிலே ஒண்ணு, உச்சைக்கு ஒண்ணு.’ பெரியம்மா உச்சி வேளைக்கு ஒன்றும் இராத்திரிக்கு ஒன்றுமாகச் சாப்பிட்டிருக்கிறார். இருவர் பேரிலும் குற்றம் இல்லை. நீர் பிரிக்கும் மாத்திரையை இரவில் போட்டால் அது தன் வேலையை இரவில்தான் செய்யும். வயதானவர் இருட்டில் எழுந்து எழுந்து நடப்பதில் விழுந்து இடுப்பெலும்பு முறிகிற ஆபத்தும் இருக்கிறது. அன்றிலிருந்து நான் ‘ராவிலே’ என்ற சொல்லை வாயாலும் சொல்வதில்லை, கவரிலும் எழுதுவதில்லை. ‘விடியக்காலம்’, ‘காலைச் சாப்பாடு’, ‘மதியச் சாப்பாடு’, ‘இராத்திரிச் சாப்பாடு’ என்று எழுதி, பக்கத்தில் மணியையும் போடுகிறேன். ஆஸ்பத்திரியில் வாயால் சொன்னதை நினைவிலிருந்து எழுதினால், அதை எண்களோடு ஒத்துப்பார்த்த பிறகே அட்டவணையில் ஏற்றுங்கள்.

எண்களை வாசிப்பதிலும் சில இடறல்கள் உண்டு. சில டாக்டர்கள் 1-1-1-1 என்று நான்கு இடம் எழுதுவார்கள். அதில் மூன்றாவது இடம் மாலை, நான்காவது இரவு. சிலர் வெறுமனே 1-1 என்று இரண்டு இடம் மட்டும் எழுதுவார்கள். அது பெரும்பாலும் காலையும் இரவும்தான், ஆனால் ‘பெரும்பாலும்’ என்பதை அட்டவணையில் எழுத முடியாது, கேட்க வேண்டும். அரை மாத்திரையை 1/2 என்று எழுதும்போது அது ‘ஒன்று அல்லது இரண்டு’ போலத் தெரியும். உங்கள் தாளில் ‘அரை’ என்று எழுத்தால் எழுதுங்கள். கோடு சாய்ந்துவிட்டால் 1 போலவும், பூஜ்ஜியம் மூடாமல் நின்றால் 6 போலவும் தெரியும் கையெழுத்துகளை நான் தினமும் பார்க்கிறேன். நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பியதை வைத்துத்தான் பேசுகிறேன், மூலச் சீட்டு என் கண்ணில் படவில்லை. ஆகவே கீழே நான் எழுதுவதை ஒருமுறை மூலச் சீட்டோடு வரிக்கு வரி வைத்துப் பாருங்கள்.

எண் எப்போதும் மாத்திரையைக் குறிப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். இன்சுலினுக்கு 20-0-14 என்று எழுதியிருந்தால் அது யூனிட். டானிக்குக்கு மில்லி. கண் மருந்துச் சீட்டில் ‘ஓ.டி.’ என்றால் தினம் ஒருமுறை என்று நினைத்துவிடக் கூடாது, அங்கே அது வலது கண்ணைக் குறிக்கலாம். உங்கள் சீட்டில் இவை எதுவும் இல்லை, நல்லதுதான்.

அட்டவணை எழுதுவதற்கு முன் மாமியாரின் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘காலை’ என்பது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மணி. தோட்ட வேலைக்குப் போகிற வீடுகளில் ஐந்தரைக்குக் கட்டன் சாயா, முதல் சாப்பாடு பத்து மணிக்கு. சிலர் எட்டு மணிக்கே இட்லி முடித்துவிடுவார்கள். எழுவது எத்தனை மணி, முதல் டீ எப்போது, மூன்று வேளைச் சாப்பாடு எப்போது, படுப்பது எப்போது என்று ஆறு நேரங்களை ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணத்துக்கு எழுவது ஆறு, சாப்பாடு எட்டரை, ஒன்று, எட்டரை என்று வைத்துக்கொண்டு சீட்டுக்குள் போகிறேன். அவர் நேரம் வேறானால் மணியை மாற்றிக்கொள்ளுங்கள், இடைவெளிகளை மாற்றாதீர்கள்.

முதலில் தைராக்சின். 1-0-0, பக்கத்தில் ஏ.சி., அதாவது சாப்பாட்டுக்கு முன். இதைச் சர்க்கரை மாத்திரையைப் போல ‘சாப்பிட உட்காரும்போது’ என்று எடுத்துக்கொண்டால் பலன் குறையும். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, முதல் உணவுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் சாப்பிட வேண்டிய மருந்து இது. டீ, காபியும் அந்த நேரத்துக்குப் பிறகுதான். எழுந்தவுடன் கட்டன் குடிக்கிற பழக்கம் இருந்தால் அட்டவணையில் ‘டீக்கு ஒரு மணி நேரம் முன்னால்’ என்றே எழுதுங்கள். ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று மட்டும் எழுதினால் அவர் டீயைச் சாப்பாடாகக் கணக்கில் எடுக்க மாட்டார். இன்னொன்று: 50 என்பது மைக்ரோகிராம், மில்லிகிராம் அல்ல. தாளில் அந்தச் சொல்லை முழுதாக எழுதுங்கள். அடுத்த முறை கடையில் 50 இல்லாமல் 25 கொடுத்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு ஆகும், அப்போது அட்டவணையும் மாற வேண்டும்.

தைராக்சினோடு ஒட்டியே கால்சியத்தைப் பார்க்க வேண்டும். கால்சியம் தைராக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்புக்குள் சேர விடாது. இரண்டுக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். உங்கள் டாக்டர் கால்சியத்தை 0-1-0 என்று மதியத்தில் வைத்திருப்பது நல்ல ஏற்பாடு: ஆறு மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவே ஏழு மணி நேரம் இருக்கிறது. வீட்டில் யாரும் ‘எல்லாவற்றையும் காலையிலேயே கொடுத்துவிட்டுப் போகலாம்’ என்று கால்சியத்தைக் காலைக்கு நகர்த்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். அந்த ஆசை எல்லா வீட்டிலும் வரும்.

மெட்ஃபார்மின் எளிது. பி.சி. என்றால் சாப்பாட்டுக்குப் பின். காலையும் இரவும், சாப்பாடு முடிந்ததும், ஒவ்வொன்று. சீட்டில் நாள் குறிக்கவில்லை. நாள் குறிக்காத சர்க்கரை மருந்தும் தைராய்டு மருந்தும் பொதுவாக அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்வரை தொடர்பவை, அட்டை தீர்ந்ததும் நிறுத்துபவை அல்ல. ஆனால் மெட்ஃபார்மினில் வேறொரு சிக்கல் இருக்கிறது. உங்கள் மாமியார் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார். அந்தப் பழைய அட்டை அலமாரியில் இருக்கும். அதில் வேறு கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்கும், கீழே மருந்தின் பெயராக மெட்ஃபார்மினே இருக்கும், சில சமயம் கிளிமெபிரைடும் சேர்ந்திருக்கும். பழக்கத்தில் அதையும் புதிதையும் சேர்த்துச் சாப்பிட்டால் மெட்ஃபார்மின் இரட்டிப்பாகும், கிளிமெபிரைடும் சேர்ந்திருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். ஆகவே பழைய மருந்துப் பையை ஒரு துணியில் கொட்டி, ஒவ்வொரு அட்டையிலும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு உள்ளிருக்கும் மருந்தின் பெயரை வாசியுங்கள். புதுச் சீட்டில் இல்லாத பழைய மருந்து ஒவ்வொன்றுக்கும் ‘தொடர வேண்டுமா, நிறுத்தியாகிவிட்டதா’ என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். சீட்டில் இல்லை என்பதாலேயே நிறுத்திவிட்டார்கள் என்று பொருள் இல்லை. இரத்த அழுத்த மாத்திரை இப்படித்தான் விட்டுப்போகும்.

ஃப்ருசிமைட் 1-1-0 x 7. காலையும் மதியமும், இரவில் கிடையாது. காரணத்தை மேலே சொன்ன பெரியம்மா கதையிலேயே சொல்லியாகிவிட்டது. மதிய மாத்திரை தாமதமானால் மாலை ஐந்து, ஆறு மணிக்குப் போட்டுவிடலாமா என்று கேட்பார்கள். அன்றைக்கு அதைப் போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள் என்பதுதான் என் பழக்கம், ஆனால் மூச்சு வாங்குகிற நோயாளிக்கு டாக்டர் வேறு விதமாகச் சொல்லலாம். ஏழு நாளுக்கு 14 மாத்திரை. கடையில் 15 கொடுத்திருக்கிறார்கள், அட்டை அப்படி வருகிறது. கடைசியில் ஒன்று மீந்தால்தான் கணக்கு சரி. ‘ஒன்றுதானே, தீர்த்துவிடுவோம்’ என்று எட்டாம் நாள் போட வேண்டாம். வியாழன் காலை தொடங்கினால் அடுத்த புதன், 19ஆம் தேதி மதியத்தோடு முடிகிறது.

அமாக்சிசிலின் கிளாவுலனேட் 1-0-1 பி.சி. x 5/7. இந்த 5/7 என்பதற்கு ஏழில் ஐந்து என்று கணக்குப் பாடம் போட வேண்டாம், ஆன்டிபயாடிக்கில் இது ஐந்து நாளைக் குறிக்கிற பழைய எழுத்துமுறை. 2/52 என்றால் இரண்டு வாரம், 1/12 என்றால் ஒரு மாதம். ஆனால் இதே 5/7 இதய மருந்தான டிகாக்சினுக்குப் பக்கத்தில் வந்தால், வாரத்தில் ஐந்து நாள் சாப்பிட்டு இரண்டு நாள் விடுவதைக் குறிக்கும். நம் நாட்டு டாக்டர்கள் அப்படி எழுதுகிற வழக்கம் உண்டு. ஒரே குறி, இரண்டு பொருள். எது என்று கண்டுபிடிக்க மாத்திரையின் எண்ணிக்கை உதவும். ஒரு நாளுக்கு இரண்டு, ஐந்து நாள், பத்து மாத்திரை. கடையிலும் பத்து கொடுத்திருக்கிறார்கள். ஆகவே ஐந்து நாள்தான். பெருக்கி வந்த எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் பொருந்தவில்லை என்றால் வாசிப்பில் எங்கோ பிழை, அல்லது கடையில் பிழை. இரண்டில் எது என்று பார்க்கும்வரை அட்டவணையை முடிக்காதீர்கள்.

இதில் தொடக்கம்தான் குழப்பும். புதன் இரவு முதல் மாத்திரை என்றால் ஐந்து நாள் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது என்று பலரும் விரலை மடக்கி எண்ணுவார்கள். புதன் இரவு ஒன்று, வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாளுக்கு எட்டு, ஆக ஒன்பது. பத்தாவது மாத்திரை திங்கள், 17ஆம் தேதி காலை. நாளை எண்ணாமல் வேளையை எண்ணினால் இந்தக் குழப்பம் வராது. காலைக்கும் இரவுக்கும் நடுவே ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் இருக்கட்டும். எட்டரை, எட்டரை என்று வைத்தது அதனால்தான். புண் ஆறியதுபோல் தெரிந்தாலும் நடுவில் நீங்களாக நிறுத்த வேண்டாம். பென்சிலின் வகை ஒவ்வாமை முன்பு வந்திருந்தால், அல்லது இப்போது தடிப்பு, முக வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால், மாத்திரையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வைட்டமின் டிதான் இந்தச் சீட்டில் நான் மிகவும் பயப்படுகிற வரி. 0-0-1 என்று மற்றவற்றைப் போலவே தெரிகிறது. ‘வாரம் 1’ என்பது ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறது. 60,000 யூனிட் என்பது வாரத்துக்கு ஒன்று. தினமும் ஒன்று போட்டால், அதுவும் பக்கத்தில் கால்சியமும் இருக்கும்போது, இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறு வரை போகலாம். இதைவிடக் கொடியது மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட். அதுவும் வாரம் ஒருமுறை. அதைத் தினமும் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் உலகெங்கும் உண்டு. வாயெல்லாம் புண்ணாவது முதல் அடையாளங்களில் ஒன்று. வாரம் ஒருமுறை என்று எது இருந்தாலும் அட்டவணையில் ‘வாரம் ஒருமுறை’ என்று எழுதினால் போதாது, கிழமையை எழுத வேண்டும். கிழமையை எழுதினால் தேதிகளையும் எழுதிவிடலாம். ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் நவம்பர் 16, 23, 30, டிசம்பர் 7, 14, 21, 28, ஜனவரி 4 என்று எட்டு. வைட்டமின் டிக்கு எந்தக் கிழமை என்பது உங்கள் வசதி, நீங்கள் வீட்டில் இருக்கும் நாளாக இருந்தால் நல்லது. இந்த ஒரு மருந்தை அவர் கையில் கொடுக்காமல் உங்கள் பெட்டியில் வைத்துக்கொண்டு ஞாயிறு இரவு நீங்களே கொடுங்கள்.

பாரசிட்டமால் எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். இதை மற்ற மருந்துகளோடு ஒரே வரிசையில் எழுதக் கூடாது, எழுதினால் தினமும் சாப்பிடுவார். அடியில் ஒரு கோடு போட்டு அதற்குக் கீழே எழுதுங்கள். எதற்காக, ஒரு தடவைக்கு எத்தனை, மறுபடி எத்தனை மணி கழித்து, ஒரு நாளில் எத்தனைக்கு மேல் கூடாது என்ற நான்கும் வேண்டும். உங்கள் சீட்டில் இந்த நான்கும் இல்லை, 650 என்பதை ஒரு மாத்திரை என்று நான் எடுத்துக்கொண்டேன், அதையும் கேட்டுவிடுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் அடுத்ததைப் போடக் கூடாது என்பது பொது விதி, வயதானவர்களுக்கு ஆறு மணி நேரம் என்று நான் சொல்வது வழக்கம். நாளுக்கு எத்தனை என்பதை அவருடைய ஈரலையும் எடையையும் தெரிந்த டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். சளி மாத்திரை என்று கடையில் வாங்கும் பலவற்றிலும் பாரசிட்டமால் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவையும் சேர்த்தால் தாள் இப்படி வரும்:

| மருந்து, எதற்கு | ஒரு வேளைக்கு | எப்போது | எந்த நாட்கள் |
|---|---|---|---|
| தைராக்சின் 50 மைக்ரோகிராம், தைராய்டு | 1 மாத்திரை | விடியக்காலம் 6 மணி, வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். டீ 7 மணிக்குப் பிறகு | 13 வியாழன் முதல் தினமும். நிறுத்த வேண்டாம் |
| மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், சர்க்கரை | 1 மாத்திரை | காலைச் சாப்பாடு முடிந்ததும் 8.30, இராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் 8.30 | 12 புதன் இரவு முதல் தினமும். நிறுத்த வேண்டாம் |
| ஃப்ருசிமைட் 40 மில்லிகிராம், கால் வீக்கம் | 1 மாத்திரை | காலை 8.30, மதியம் 1. இரவில் கூடாது | 13 வியாழன் காலை முதல் 19 புதன் மதியம் வரை |
| அமாக்சிசிலின் கிளாவுலனேட் 625 மில்லிகிராம், புண் | 1 மாத்திரை | காலைச் சாப்பாடு முடிந்ததும் 8.30, இராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் 8.30 | 12 புதன் இரவு முதல் 17 திங்கள் காலை வரை, மொத்தம் 10 |
| கால்சியம் 500 மில்லிகிராம், எலும்பு | 1 மாத்திரை | மதியச் சாப்பாடு முடிந்ததும் 1 மணி | 13 வியாழன் முதல் தினமும். எதுவரை: கேட்க வேண்டும் |
| வைட்டமின் டி 60,000 யூனிட், எலும்பு | 1 | இராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் | ஞாயிறு மட்டும்: நவ. 16, 23, 30, டிச. 7, 14, 21, 28, ஜன. 4 |
| தேவைப்பட்டால் மட்டும்: பாரசிட்டமால் 650 மில்லிகிராம், வலியா காய்ச்சலா: கேட்க வேண்டும் | 1 மாத்திரை: கேட்டு உறுதி செய்ய வேண்டும் | அடுத்தது குறைந்தது 6 மணி நேரம் கழித்து: கேட்டு உறுதி செய்ய வேண்டும் | ஒரு நாளில் எத்தனை வரை: கேட்க வேண்டும் |

இந்தத் தாளில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை, வேளை, ஆன்டிபயாடிக் முடியும் நாள் ஆகியவை சீட்டிலிருந்தும் பில்லிலிருந்தும் நேரே வந்தவை. தைராக்சினின் வெறும் வயிறு, கால்சியத்தோடு இடைவெளி, ஃப்ருசிமைட் இரவில் கூடாது என்பவை மருந்தின் தன்மை, எந்த மருந்தாளுநரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். ‘எதற்கு’ என்று நான் போட்டிருப்பது நீங்கள் சொன்ன நோயை வைத்து எழுதியது. டாக்டரிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். தைராக்சினுக்கும் மெட்ஃபார்மினுக்கும் ‘நிறுத்த வேண்டாம்’ என்று நான் எழுதியது வழக்கத்தை வைத்துத்தான், சீட்டில் அந்தச் சொல் இல்லை. ஃப்ருசிமைட் x 7 என்பது ஏழு நாளோடு நிறுத்துவதா, ஏழு நாள் கழித்து வந்து காட்டச் சொல்வதா என்பதும் எனக்குத் தெரியாது. சீட்டின் அடியில் மறுபடி வரச் சொன்ன தேதி 19 அல்லது 20 என்றிருந்தால் இரண்டாவதாக இருக்க வாய்ப்பு அதிகம். கால் வீக்கம் வற்றாமல் இருந்தாலோ படுத்தால் மூச்சு வாங்கினாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யும்போது அட்டவணையில் ‘கேட்க வேண்டும்’ என்று இருக்கும் இடங்களை மட்டும் வாசித்தால் போதும், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மலையாளத்தில் பேசினால் ‘ராவிலே’, ‘ராத்திரி’ என்ற சொற்களோடு மணியையும் சேர்த்துச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். பதில் வந்ததும் அதே இடத்தில் பேனாவால் எழுதி, சொன்னவர் யார், எந்தத் தேதி என்று ஓரத்தில் குறித்துவையுங்கள்.

இந்த அட்டவணை உங்களுக்கும் டாக்டருக்கும் கடைக்காரருக்கும். மாமியார் கையில் இதைக் கொடுத்தால் ஒவ்வொரு வேளையும் ஏழு வரியையும் மேலிருந்து கீழாகத் தேட வேண்டியிருக்கும். அவருக்கு இதையே திருப்பிப் போட்டு, வேளைக்கு ஒரு கட்டமாக இன்னொரு தாள் எழுதுங்கள்: விடியக்காலம் ஆறு மணிக்கு ஒன்றே ஒன்று, காலைச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று, மதியம் இரண்டு, இராத்திரி இரண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் மொத்த எண்ணிக்கையைப் பெரிதாக எழுதினால், உள்ளங்கையில் எடுத்து எண்ணிப் பார்த்தே சரியா என்று தெரிந்துகொள்வார். 17ஆம் தேதி இரவு முதல் இராத்திரிக் கட்டம் ஒன்றாகும். 18 முதல் காலை இரண்டாகும். ஃப்ருசிமைட் 19 மதியத்தோடு நின்றால் 20 முதல் காலை ஒன்று, மதியம் ஒன்று. அந்த மாற்றங்களுக்குப் பழைய தாளில் அடித்து எழுதாதீர்கள். புதுத் தாள் ஒட்டி, பழையதைக் கிழித்துப் போடுங்கள். ஒரே சுவரில் இரண்டு தாள் தொங்கினால் எதைப் பார்ப்பார் என்று சொல்ல முடியாது.

எழுதி முடித்ததும் ‘புரிந்ததா அம்மா’ என்று கேட்காதீர்கள், புரிந்தது என்றுதான் சொல்வார். மருந்துப் பெட்டியை முன்னால் வைத்து, ‘நாளைக்கு மதியம் எதை எடுப்பீர்கள், எடுத்துக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். இரண்டு வெள்ளை மாத்திரை ஒன்றுபோல் இருந்து தடுமாறினால், அட்டையின் பின்பக்கம் தமிழில் ‘மதியம்’ என்று ஒட்டிவிடுங்கள். அட்டையை வெட்டித் துண்டாக்கினால் பெயரும் காலாவதி நாளும் போய்விடும். ஏதாவது ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது என்று தாளின் அடியில் எழுதுங்கள். ஞாயிறு இரவு மாத்திரையைப் போட்ட பிறகு அமாக்சிசிலின் அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரே ஒரு மாத்திரை மீதி இருக்க வேண்டும். இரண்டோ மூன்றோ இருந்தால் எந்த வேளை விட்டுப்போகிறது என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள், பெரும்பாலும் அது நீங்கள் இருவரும் கிளம்பிப் போன பிறகு வருகிற காலை வேளையாக இருக்கும்.